பதினான்கும் இருபத்தெட்டும்

சென்ற ஆண்டு தவக்காலத்தின் நான்காம் வாரம். விடியற்காலை நான்கரை மணிக்குப் பங்கு இல்லத்தின் தொலைபேசி ஒலித்தது. அந்நேரத்தில் வரும் அழைப்பு பெரும்பாலும் நோயில்பூசுதலுக்காகவே இருக்கும் என்பதால், எண்ணெய்ச் சிமிழைக் கையில் எடுத்துக்கொண்டே பேசினோம். நம் பங்கின் பாடகர் குழுவை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்திவரும் ஓய்வுபெற்ற ஆசிரியையின் மருமகள் மறுமுனையில் அழுதுகொண்டிருந்தார். "சாமி, அத்தை யாரையும் அடையாளம் தெரியாமல் பேசுகிறார்கள். உடம்பெல்லாம் வியர்வை. இங்கே டாக்டர் யாருமே இல்லை."

'இங்கே' என்று அவர் சொன்ன இடம் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இருந்த ஓர் ஆயுர்வேத இல்லம். மூட்டுவலிக்கு ஐந்து நாள் பஞ்சகர்மா என்ற அழகிய மடிப்பிதழை யாரோ பங்கு அலுவலகத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். டீச்சர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நம்மிடம் கருத்துக் கேட்டபோது, "எப்படியும் தவக்காலம். உணவும் குறைவாகத்தானே இருக்கும். போய் வாருங்கள்" என்று சொன்னவர் நாமே. இவ்வொரு சொல்லுக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நடந்தது இதுதான். டீச்சருக்கு வயது அறுபத்து மூன்று. இரு முழங்கால்களிலும் தேய்மானம். பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய். முதல் இரண்டு காலையும் மருந்திட்ட நெய்யைக் குடிக்கக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் பேதி லேகியம். பேதி நின்றபின் மாலையில் நீர்த்த கஞ்சி ஒரு கிண்ணம். டீச்சரோ சர்க்கரைக்கான கிளிமிபிரைடு மாத்திரையைக் காலையிலும் இரவிலும் வழக்கம்போல் விழுங்கியிருக்கிறார். 'என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்' என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்காததால் அவரும் சொல்லவில்லை. உணவு கால்பங்கு, மாத்திரை முழுப்பங்கு. விடியலில் இரத்தச் சர்க்கரை 48க்கு இறங்கிவிட்டது. மருமகள் சமயோசிதமாகச் சர்க்கரை கரைத்த நீரைச் சிறிது சிறிதாகப் புகட்டியதால் டீச்சர் தெளிந்தார். அவ்வகை மாத்திரையின் வேகம் உடலில் நெடுநேரம் நிற்பதால், ஒருமுறை தெளிந்தவர் மீண்டும் மயங்கக்கூடும் என்று கூறி, மருத்துவமனையில் ஒரு முழுநாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

பின்னர் விசாரித்தபோது, அங்கே வெள்ளைக் கோட்டு அணிந்திருந்தவர் எண்ணெய் தேய்க்கும் பயிற்சி மட்டும் பெற்றவர் என்றும், பட்டம் பெற்ற மருத்துவர் வாரம் ஒருமுறை வந்து கையொப்பமிட்டுச் செல்பவர் என்றும் தெரிந்தது. அவர்களைக் குறை கூறுவது எளிது. ஆனால் ஒரு மடிப்பிதழை நம்பி ஒரு மூதாட்டியை அனுப்பிய குற்றம் நம்முடையது.

டீச்சர் ஆயுர்வேதத்தையே வெறுத்துவிடுவார் என்று எண்ணினோம். அவரோ உயிர்ப்புப் பெருவிழா முடிந்த மறுவாரமே வந்து நின்றார். "சாமி, அறுவைச் சிகிச்சைக்கு இன்னும் காலம் இருக்கிறது என்று எலும்பு டாக்டர் சொல்கிறார். தினமும் வலி மாத்திரை போட்டால் சிறுநீரகம் கெடும் என்றும் அவரே சொல்கிறார். இடையில் நான் என்னதான் செய்வது? இம்முறை விசாரித்துப் போகலாம். நீங்களும் கூட வாருங்கள்." மறுக்க நமக்கு முகமில்லை.

தாம்பரத்தில் வாழ்பவர்களுக்கு இது ஒரு வகையில் பழகிய மண்தான். மருத்துவர் டேவிட் ஜேக்கப் சவுரிமுத்து 1928இல் காசநோயாளிகளுக்காக இங்கே ஓர் இல்லம் தொடங்கினார். நல்ல காற்றும் ஓய்வும் உணவுமே அன்று மருந்து. நம் இரயில் நிலையம் ஒன்றுக்கு இன்றளவும் சானடோரியம் என்ற பெயர் நிலைத்திருப்பது அதனால்தான். அதே பகுதியில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும், அதன் அயோத்திதாசப் பண்டிதர் மருத்துவமனையும் இயங்கி வருகின்றன. அரசு நிறுவனம் ஆதலால் எளியவர்களுக்கும் எட்டும் இடம். நம் மக்களில் பலர் சித்தமும் ஆயுர்வேதமும் ஒன்றே என எண்ணுகிறார்கள். இரண்டும் உறவுடையவை, ஆயினும் நூல்களும் மருந்துகளும் பட்டப்படிப்பும் வேறு. பஞ்சகர்மம் என்ற பெயரில் விளம்பரமாகும் முறை ஆயுர்வேதத்தைச் சார்ந்தது. டீச்சரின் மகன் வீட்டார் ஆயுர்வேதத்தையே விரும்பினர். 1902இல் பி. எஸ். வாரியர் நிறுவிய கோட்டக்கல் ஆரிய வைத்தியசாலைக்கு எழுதிக் கேட்கலாமா என்ற பேச்சும் எழுந்தது. சிகிச்சை முடிந்த உடனே இரவெல்லாம் இரயிலில் குலுங்கித் திரும்புவது நல்லதன்று என்று கேள்விப்பட்டதால் வீட்டருகே தேடினோம். இக்காரணம் எவ்வளவு சரியானது என்பது பின்னரே விளங்கிற்று.

சேலையூரிலிருந்து மேடவாக்கம் செல்லும் வழியில், பன்னிரண்டு படுக்கைகள் மட்டுமே கொண்ட ஒரு சிறு ஆயுர்வேத மருத்துவமனையை ஒருவர் சொன்னார். இம்முறை மடிப்பிதழைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தோம். மருத்துவரான அம்மையார் பி.ஏ.எம்.எஸ். முடித்து, அதன்மேல் பஞ்சகர்மத்தில் எம்.டி. பெற்றவர். பி.ஏ.எம்.எஸ். என்பது பயிற்சி ஆண்டையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுப் படிப்பு. சான்றிதழின் அருகே பதிவு எண்ணும் இருந்தது. தமிழ்நாட்டில் ஆயுர்வேதப் பட்டதாரிகள் தமிழ்நாடு இந்திய மருத்துவ வாரியத்திலும், சித்த மருத்துவர்கள் தமிழ்நாடு சித்த மருத்துவ கவுன்சிலிலும் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு வாரியத்தில் விசாரிக்கலாமா என்று சற்றுக் கூச்சத்தோடு கேட்டோம். "தாராளமாக, ஃபாதர். கேட்காமல் வருகிறவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம்" என்றார்.

ஆனால் எண்ணைவிட நம்மை நம்ப வைத்தது அவர் கேட்ட கேள்விகள். முதல் முக்கால் மணி நேரம் முழங்காலைப் பற்றிப் பேச்சே இல்லை. எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு மேசைமேல் கொட்டச் சொன்னார். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, சிறுநீரகத்தின் கிரியாட்டினின், இருதயப் படம், முழங்காலின் எக்ஸ்ரே ஆகியவற்றைக் கேட்டார். மலச்சிக்கல் உண்டா, மூல நோய் உண்டா, இரவு எத்தனை முறை எழுகிறார், வீட்டில் மாடிப்படி உண்டா என்றெல்லாம் வினவினார். நாம் கேட்க வேண்டியவற்றை டீச்சர் ஒரு தாளில் எழுதி வந்திருந்தார், அவற்றுள் முதலாவது, "இரவில் யார் இருப்பார்கள்?" என்பது. இரவுப் பணியில் ஒரு செவிலியர், மாடியிலேயே குடியிருக்கும் இளைய மருத்துவர், சர்க்கரை பார்க்கும் கருவி ஆகியவற்றைக் காட்டினார்கள். பெண்களுக்குச் சிகிச்சை செய்பவர்கள் பெண்களே.

அடுத்து, சென்ற முறை நிகழ்ந்த ஐந்து நாள் கதையைச் சொன்னோம். மருத்துவர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கை நம் வாசகர்களும் தெரிந்துகொள்வது நல்லது.

பேதி மருந்து என்பது அம்முறையில் ஒரு நாள் நிகழ்ச்சி. அதற்கு முன்னும் பின்னும் உள்ள நாட்களே சிகிச்சையின் உடல். முதலில் மருந்து நெய்யை நாள்தோறும் அளவு கூட்டி உட்கொள்ள வேண்டும். குறைந்தது மூன்று நாள், மிகுந்தால் ஏழு நாள். போதுமா என்பதை நாட்காட்டி சொல்வதில்லை, உடல் சொல்லும். தோல் மினுமினுக்கும், மலத்தில் நெய்ப்பசை தெரியும், நெய்யைக் கண்டாலே குமட்டும். பிறகு மூன்று நாள் எண்ணெய்த் தேய்ப்பும் வியர்வையும். அடுத்த நாள் பேதி. அதன் பின்னர் உணவை ஒரேயடியாகத் தருவதில்லை. நீர்த்த கஞ்சி, கெட்டிக் கஞ்சி, பயற்று நீர், குழைந்த சோறு என்று படிப்படியாக மூன்று, ஐந்து அல்லது ஏழு நாளில் இயல்பு உணவுக்கு ஏற வேண்டும். பேதி எவ்வளவு பலமாக இருந்ததோ அதற்கேற்ப நாட்கள் கூடும். மிகக் குறைத்துக் கூட்டினாலும் பத்து நாள். முழுமையாகச் செய்தால் பதினெட்டு நாள். "ஐந்து நாளுக்குள் இதை அடக்குகிறேன் என்பவர் எதையோ விட்டுவிடுகிறார். பெரும்பாலும் விடப்படுவது அந்தக் கஞ்சி நாட்கள்" என்றார் மருத்துவர்.

அதோடு அவர் நிறுத்தவில்லை. "டீச்சர் அம்மாவுக்கு நான் இதைச் செய்யப் போவதே இல்லை" என்றார். பல ஆண்டுச் சர்க்கரை நோய், அறுபதைக் கடந்த வயது, இரத்தத்தில் கொழுப்பு மிகுதி. இவற்றோடு நெய் குடிப்பித்துப் பேதி தருவது தேவையற்ற துணிவு என்பது அவர் கருத்து. முழங்கால் வலிக்கு வெளிச் சிகிச்சையே போதுமானது என்றார். வாங்கத் தயாராய் வந்தவரிடம் ஒன்றை விற்க மறுக்கிற மருத்துவரைக் கண்டால் நம்பலாம் என்பது அன்று நமக்குத் தோன்றிய எண்ணம்.

எழுதித் தந்த திட்டம் பதினான்கு நாள். முதல் மூன்று நாள் பொடிக்கிழி: மருந்துப் பொடியைத் துணியில் முடிந்து, சட்டியில் சூடாக்கி ஒற்றுவது, வீக்கம் இருக்கும்போது உடனே எண்ணெய் இடுவதில்லையாம். நான்காம் நாள் முதல் கொட்டஞ்சுக்காதித் தைலத்தைத் தேய்த்து இலைக்கிழி. நொச்சி, எருக்கு, ஆமணக்கு, முருங்கை, புளி ஆகியவற்றின் இலைகளை நறுக்கி, தேங்காய்த் துருவலும் எலுமிச்சையும் சேர்த்து வதக்கிக் கிழியாகக் கட்டுவார்கள். மணம் வராந்தா வரை வீசும். எட்டாம் நாள் முதல் ஏழு நாள் ஜானு வஸ்தி. உளுந்து மாவைப் பிசைந்து முழங்காலைச் சுற்றி ஒரு கிணறுபோல் கரை கட்டி, அதனுள் இளஞ்சூடான தைலத்தை ஊற்றி, ஆற ஆற எடுத்து மீண்டும் சூடாக்கி, அரை மணி நேரம் நிறுத்துவது. உள்ளே ராஸ்னாசப்தகக் கஷாயம் மட்டும். லேகியமும் அரிஷ்டமும் விலக்கப்பட்டன. லேகியம் என்றாலே வெல்லமோ சர்க்கரையோ சேர்ந்தது. அரிஷ்டம் வெல்லம் இட்டுப் புளிக்க வைப்பது, அதில் சிறிது சாராயச் சத்தும் உண்டு. மூலிகைதானே என்று சர்க்கரை நோயாளிகள் இவற்றைக் கரண்டி கரண்டியாகக் குடிப்பதை நாம் பல வீடுகளில் கண்டிருக்கிறோம். பற்பம், செந்தூரம் எதுவும் தரவில்லை. தரும் ஒவ்வொரு மருந்தின் பெயரும் சீட்டில் எழுதப்பட்டிருந்தது. 'எங்கள் இரகசியப் பொடி' என்று எதுவும் இல்லை.

சர்க்கரை மாத்திரையைப் பற்றி அவர் தாமாக முடிவெடுக்கவில்லை. டீச்சரின் சர்க்கரை மருத்துவருக்கு உணவுத் திட்டத்தை எழுதி அனுப்பி, அவர் கையால் அளவை மாற்றி வாங்கி வரச் சொன்னார். இரவு மாத்திரை நீக்கப்பட்டது. நாள்தோறும் காலை வெறும் வயிற்றிலும், இரவு படுக்கு முன்னும் சர்க்கரை பார்த்துக் குறித்தார்கள். காலையில் கஞ்சிக்குப் பதிலாகப் பயறும் காய்கறியும் கூடுதலாக வைத்த உணவு. இரவு ஏழுக்குள் கோதுமை ரவைக் கஞ்சி. தயிர், புளி, பொரித்தவை, குளிர்ந்த நீர், இறைச்சி ஆகியவை கிடையா. டீச்சருக்கு இவற்றில் எதுவும் பாரமாக இல்லை. பகலில் உறங்கக்கூடாது என்ற விதிதான் பெரும் தவமாயிற்று. மதியம் இரண்டு மணிக்கு நாம் பார்க்கச் சென்றபோதெல்லாம், கண்கள் செருக, செபமாலையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

ஆனால் பதினான்கு நாள் என்பது பாதிகூட அல்ல. எத்தனை நாள் சிகிச்சையோ, அதைப்போல் இருமடங்கு நாள் பத்தியமாக இருக்க வேண்டும் என்பது ஆயுர்வேத மரபு. பதினான்கு நாள் சிகிச்சைக்குப் பின் இருபத்தெட்டு நாள். அந்நாட்களில் உரக்கப் பேசுதல், வண்டியில் குலுங்கிப் பயணம் செய்தல், நெடுந்தொலைவு நடத்தல், ஒரே இடத்தில் நெடுநேரம் அமர்ந்திருத்தல், செரிக்குமுன் மீண்டும் உண்ணுதல், பகலுறக்கம் ஆகியவை விலக்கப்பட்டவை. பாடகர் குழுத் தலைவிக்கு உரக்கப் பேசாதிருத்தல் என்பது சிறிய காரியமன்று. செப்டம்பர் 8, அன்னையின் பிறப்பு விழாவுக்கு அவர் பாடியே ஆக வேண்டும். நாம் பங்கு நாட்காட்டியை விரித்துப் பின்னோக்கி எண்ணினோம். நாற்பத்திரண்டு நாள். ஜூலை 28 அன்று சேர்ந்தால் ஆகஸ்டு 10 அன்று சிகிச்சை முடியும். செப்டம்பர் 7 அன்று பத்தியம் நிறையும். கேரளத்தார் இச்சிகிச்சைக்கு உகந்ததாகக் கொள்ளும் கர்க்கடகம் நம் ஆடி மாதமே ஆதலால் காலமும் பொருந்திற்று.

பொருந்தாதது ஒன்று இருந்தது. ஆண்டுதோறும் ஆகஸ்டு 29 அன்று பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணித் திருத்தலக் கொடியேற்றத்திற்குத் தாம்பரத்திலிருந்து நடந்தே செல்வதாக டீச்சர் நேர்ந்திருந்தார். சிகிச்சைக்கு முன் அது அவர் நினைவில் இல்லை. வலியோடு நடக்க முடியாது என்று கைவிட்டிருந்தார். ஆகஸ்டு இருபதாம் தேதி வாக்கில் வலி நன்றாகத் தணிந்தது. உடனே வந்துவிட்டார். "அம்மாதான் கால் கொடுத்தார்கள், சாமி. நடக்காமல் இருந்தால் நன்றி கெட்டவள் ஆவேன்."

இத்தகைய சிகிச்சைகளில் பலர் இடறும் இடம் இதுவே என்று மருத்துவர் முன்னரே எச்சரித்திருந்தார். வலி தணிவது முதலில் நடக்கிறது; முழங்காலைத் தாங்கும் தொடைத் தசை வலுப்பெறுவது பின்னரே. இரண்டுக்கும் இடையே உள்ள வாரங்களில் வலியின்மையை நம்பி நடப்பவர்கள் வீங்கிய முழங்காலோடு திரும்புகிறார்கள். பிறகு மருந்து பலிக்கவில்லை என்கிறார்கள். நாம் குருமடத்தில் கற்ற திருச்சபைச் சட்டம் அன்று பயன்பட்டது. தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து, தக்க காரணம் இருப்பின், தன் பங்கு மக்களை விடுவிக்கப் பங்குத்தந்தைக்கு 1196ஆம் விதி அதிகாரம் தருகிறது. டீச்சருக்கு விடுவிப்பு என்ற சொல் பிடிக்கவில்லை. நேர்ந்தவரே அதற்கு ஈடான அல்லது மேலான நற்செயலாக அதை மாற்றிக்கொள்ளலாம் என்று அடுத்த விதி கூறுவதைச் சொன்னோம். நீண்ட யோசனைக்குப் பின், அக்கொடியேற்ற நாளில் வீட்டிலிருந்தபடியே பங்கின் நோயாளிகள் ஒன்பது பேருக்குக் கைப்படக் கடிதம் எழுதுவதாக முடிவு செய்தார். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நிற்க வேண்டும் என்பதைத்தான் நாம் நினைவூட்ட வேண்டியிருந்தது.

பலன் என்னவாயிற்று என்று வாசகர்கள் கேட்கலாம். சேரும் நாளிலேயே மருத்துவர் அவரிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, பத்துக்கு எத்தனை வலி, வாரம் எத்தனை வலி மாத்திரை, வீட்டு மாடியின் பதினாறு படிகளை ஏற எவ்வளவு நேரம் என்று மூன்று எண்களை எழுதச் சொல்லியிருந்தார். "நன்றாயிருக்கிறது என்ற சொல்லை நான் நம்ப மாட்டேன், அம்மா. எண்ணைத்தான் நம்புவேன்." சேர்ந்தபோது வலி ஏழு, மாத்திரை வாரம் ஏழு, படி ஏறுவது ஒன்றரை நிமிடம். வீடு திரும்பிய நாளில் வலி மூன்று. பத்தியம் நிறைந்த நாளிலும் மூன்று. வலி மாத்திரை ஒன்றுகூட இல்லை. டிசம்பரில், அதாவது நான்கு மாதத்தில், வலி நான்குக்கு ஏறி நின்றது. மாத்திரை வாரம் இரண்டு. படி ஏற ஐம்பது விநாடி. எக்ஸ்ரேயில் எந்த மாற்றமும் இல்லை. மாற்றம் வராது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். தேய்ந்த குருத்தெலும்பை எந்தத் தைலமும் வளர்ப்பதில்லை.

இதில் எவ்வளவு தைலத்தால், எவ்வளவு பதினான்கு நாள் ஓய்வால், எவ்வளவு அங்கே கற்ற தொடைப் பயிற்சியால் என்று நம்மால் பிரித்துரைக்க இயலாது. ஜெர்மனியின் பெர்லின் நகரில் முழங்கால் தேய்மானம் உடைய 151 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குப் பன்னிரண்டு வாரத்தில் பதினைந்து முறை ஆயுர்வேதச் சிகிச்சையும், மறு பிரிவினருக்கு வழக்கமான மருத்துவமும் தந்து பார்த்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. ஆயுர்வேதப் பிரிவினர் கூடுதல் நலம் கண்டனர். ஆனால் யாருக்கு எது தரப்படுகிறது என்பது அவர்களுக்கே தெரியும். கையால் தொட்டுப் பராமரிக்கும் சிகிச்சையில் எதிர்பார்ப்பே பாதி மருந்தாகலாம். மருத்துவரிடம் இதைக் கூறியபோது அவர் சிரித்துக்கொண்டே, "ஆறு மாதமோ ஓராண்டோ அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டு, வலி மாத்திரையைக் குறைத்தால் எனக்கு அது போதும், ஃபாதர். ஒருநாள் அந்த அறுவைச் சிகிச்சை தேவைப்படும். அப்போது தடுக்காதீர்கள்" என்றார்.

செப்டம்பர் 8 அன்று காலைத் திருப்பலியில் டீச்சர் பாடினார். பாடகர் மேடைக்கு ஆறு படிகள். கைப்பிடியைப் பிடித்து, நல்ல காலை முன்வைத்து ஏறினார். பூசை முடிந்ததும் சக்ரிஸ்திக்கு வந்து, பாயசம் குடிக்கலாமா என்று கேட்டார். பத்தியம் நேற்றோடு முடிந்தது, சர்க்கரை முடியவில்லை என்றோம். அரை டம்ளர் மட்டும் குடித்தார்.

அந்த மடிப்பிதழ்கள் இப்போது நம் பங்கு அலுவலக மேசையில் இல்லை. யாராவது கொண்டுவந்து வைத்தால், மருத்துவரின் பதிவு எண்ணையும், இரவில் தங்குபவரின் பெயரையும் எழுதித் தருமாறு நம் உபதேசியார் கேட்கிறார். இதுவரை இருவர் எழுதித் தந்திருக்கிறார்கள்.